மழைநீர் சேகரிப்பு மாதிரி செய்வது எப்படி: வேலூர் மழையைக் கொண்டு தொட்டி அளவும் வடிகட்டி அடுக்குகளும்

சிவில் பொறியியல் வகுப்புகளில் செய்யப்படும் மழைநீர் சேகரிப்பு மாதிரிகளில் பெரும்பாலானவை ஒரு வீடு, ஒரு குழாய், மணலும் ஜல்லியும் நிரப்பிய ஒரு பாட்டில், கடைசியில் ஒரு டப்பா என்ற அளவில் முடிந்துவிடுகின்றன. தொட்டி ஏன் அந்த அளவில் இருக்கிறது என்று தேர்வாளர் கேட்டால் பதில் இருக்காது. இங்கே விளக்கப்படும் மாதிரி அந்தக் கேள்விக்கு மேசை மேலேயே, ஓர் அளவுக் குவளையையும் வேலூரின் ஓராண்டு மழையையும் கொண்டு விடை சொல்லக்கூடியது. இதில் வீடும் தொட்டியும் 1:20 அளவில் சுருங்கும். வடிகட்டி மட்டும் சுருங்காது. இரண்டையும் ஒரே அளவில் சுருக்க முயல்வதுதான் இத்தகைய மாதிரிகளின் முதற்பிழை; அதன் காரணத்தை வடிகட்டிப் பகுதியில் காண்போம்.

கணக்குக்கான வீடு

காட்பாடியில் 12.5 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் கொண்ட கான்கிரீட் மொட்டைமாடி வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாடியின் பரப்பு 100 சதுர மீட்டர். ஐந்து பேர் வசிக்கிறார்கள். குடிக்க, சமைக்க, பாத்திரம் துலக்க என்று ஒருவருக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர் மழைநீர் தேவை என்று வைத்தால், வீட்டுக்கு நாளொன்றுக்கு 200 லிட்டர், மாதத்துக்கு 6,000 லிட்டர், ஆண்டுக்கு 72,000 லிட்டர் ஆகிறது.

மாடியில் விழும் மழை முழுவதும் குழாய்க்கு வராது. காய்ந்த தளம் உறிஞ்சுவது, ஆவியாவது, முதல் மழையில் அழுக்கோடு வெளியேற்றுவது ஆகியவை போக எஞ்சுவதையே வழிந்தோடும் கெழு குறிக்கிறது. கான்கிரீட் தளத்துக்கு 0.9 வரை எடுக்கலாம் என்றாலும், ஒவ்வொரு மழையிலும் முதல் 2 மி.மீ. நீரை, அதாவது 200 லிட்டரை, வெளியே விடுவதாக இருந்தால் அந்த இழப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆண்டில் அப்படி 40 முறை என்று வைத்தால் அதுவே 8,000 லிட்டர். ஆகவே இரண்டையும் சேர்த்து 0.8 என்று எடுத்துக்கொள்கிறோம். இந்தக் கெழுவுக்குள் முதல் மழை இழப்பு அடங்கியுள்ளது என்பதை அறிக்கையில் ஒரு வரியாக எழுதுங்கள். எழுதாவிட்டால் அதே இழப்பை யாராவது மறுபடியும் கழிப்பார்கள்.

மாத மழை அளவுகளுக்கு வானிலை ஆய்வுத் துறையின் நீண்டகாலச் சராசரியைப் பயன்படுத்த வேண்டும். இதில் நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பழைய வட ஆற்காடு மாவட்டம் இன்றைய திருவண்ணாமலைப் பகுதியையும் உள்ளடக்கியது; 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. எனவே ஏதோ ஒரு பழைய அட்டவணையில் உள்ள மாவட்டச் சராசரியை எடுக்காமல், வேலூர் மழைமானி நிலையத்தின் அளவையே எடுங்கள். கீழே உள்ளவை வேலூரின் மழைப்போக்கை ஒட்டி, கணக்கு எளிதாக இருக்கும்படி நான் வட்டமாக்கிக்கொண்ட மதிப்புகள். மொத்தம் 960 மி.மீ. உங்கள் அறிக்கையில் நிலையத்தின் அளவுகளை இட்டு இதே முறையில் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

1:20 என்றால் கொள்ளளவு எவ்வளவு சுருங்கும்?

நீளம் 20 மடங்கு சுருங்கினால் பரப்பு 400 மடங்கும் கன அளவு 8,000 மடங்கும் சுருங்கும். மாணவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்: 22,000 லிட்டர் தொட்டியை 20-ஆல் வகுத்து 1,100 லிட்டர் என்று எழுதிவிட்டு விழிப்பதைப் பல வகுப்புகளில் காணலாம். சரியான விடை 2.75 லிட்டர்.

100 சதுர மீட்டர் மாடி 62.5 செ.மீ. × 40 செ.மீ. பலகையாகிறது. மாதத் தேவையான 6,000 லிட்டர் 750 மில்லியாகிறது. மாடியிலிருந்து கிடைக்கும் நீர், ஒரு மி.மீ. மழைக்கு 80 லிட்டர். மாதிரியில் அது சரியாக 10 மில்லி. அதாவது அக்டோபரின் 170 மி.மீ. மழைக்கு 1,700 மில்லி ஊற்றினால் போதும். 1:20 என்ற அளவைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்த வசதியும் ஒரு காரணம். ஆண்டு முழுவதற்கும் 9.6 லிட்டர் நீர் போதுமாக இருப்பதால் ஒரு வாளியோடு காரியம் முடிகிறது.

தொட்டியின் கொள்ளளவைக் காணுதல்

ஒவ்வொரு மாதமும் வரவிலிருந்து செலவைக் கழிக்க வேண்டும். வரவு மிகும் முதல் மாதமான ஜூலையில், தொட்டி காலியாக இருப்பதாகக் கொண்டு தொடங்குகிறோம்.

| மாதம் | மழை (மி.மீ.) | வரவு (லிட்டர்) | வரவு − செலவு (லிட்டர்) | மாத இறுதி இருப்பு (லிட்டர்) | மாதிரியில் இருப்பு (மில்லி) |
|---|---|---|---|---|---|
| ஜூலை | 110 | 8,800 | +2,800 | 2,800 | 350 |
| ஆகஸ்ட் | 130 | 10,400 | +4,400 | 7,200 | 900 |
| செப்டம்பர் | 150 | 12,000 | +6,000 | 13,200 | 1,650 |
| அக்டோபர் | 170 | 13,600 | +7,600 | 20,800 | 2,600 |
| நவம்பர் | 150 | 12,000 | +6,000 | 22,000 | 2,750 |
| டிசம்பர் | 70 | 5,600 | −400 | 21,600 | 2,700 |
| ஜனவரி | 10 | 800 | −5,200 | 16,400 | 2,050 |
| பிப்ரவரி | 5 | 400 | −5,600 | 10,800 | 1,350 |
| மார்ச் | 5 | 400 | −5,600 | 5,200 | 650 |
| ஏப்ரல் | 20 | 1,600 | −4,400 | 800 | 100 |
| மே | 70 | 5,600 | −400 | 400 | 50 |
| ஜூன் | 70 | 5,600 | −400 | 0 | 0 |

டிசம்பர் முதல் ஜூன் வரையிலான பற்றாக்குறைகளின் கூட்டுத்தொகை 22,000 லிட்டர். அதுவே தேவையான குறைந்தபட்சக் கொள்ளளவு. நவம்பரில் அதற்கு மேல் வரும் 4,800 லிட்டர் வழிந்து உறிஞ்சு குழிக்குப் போகிறது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழைகளும் வேலூருக்குக் கை கொடுப்பதால் ஜூலையிலிருந்தே தொட்டி நிரம்பத் தொடங்குகிறது. பெரும்பகுதி மழையை வடகிழக்குப் பருவத்திலேயே பெறும் ஓர் ஊரில், ஆண்டு மழை இதே அளவாக இருந்தாலும், தொட்டி இதைவிடப் பெரிதாக வேண்டியிருக்கும். ஆண்டு மொத்தத்தைப் பன்னிரண்டால் வகுத்துத் தொட்டி கட்டுவது ஏன் தவறு என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

இதே வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு 10 லிட்டர் எடுத்தால் மாதத் தேவை 1,500 லிட்டராகிறது. அப்போது பற்றாக்குறை ஜனவரி, பிப்ரவரி, மார்ச் ஆகிய மூன்று மாதங்களில் மட்டுமே ஏற்பட்டு, 2,900 லிட்டர் தொட்டி போதுமானதாகிவிடுகிறது. தேவை நான்கில் ஒரு பங்காகும்போது தொட்டி ஏழில் ஒரு பங்குக்கும் கீழே போவதைக் கவனியுங்கள். மாறாக, மழை கால் பங்கு குறைந்த ஆண்டில் கிடைப்பது 57,600 லிட்டர் மட்டுமே என்பதால், 72,000 லிட்டர் தேவையை எவ்வளவு பெரிய தொட்டியாலும் நிறைவேற்ற முடியாது. நம் ஊருக்கு எது பொருத்தம் என்று என்னைக் கேட்டால், குடிநீருக்கு மட்டும் சிறிய தொட்டி கட்டிவிட்டு மிச்சத்தை நிலத்துக்கு அனுப்பச் சொல்வேன். ஆனால் வகுப்பு மாதிரிக்குப் பெரிய தேவையே நல்லது. அதில்தான் கணக்கு கண்ணுக்குத் தெரியும்.

தொட்டியையும் கூரையையும் செய்தல்

தொட்டிக்கு 5 மி.மீ. தடிப்புள்ள, ஒளி ஊடுருவும் அக்ரிலிக் தகடு ஏற்றது. உள்ளளவு 20 செ.மீ. × 13.75 செ.மீ., உயரம் 13 செ.மீ. இதன் அடிப்பரப்பு 275 சதுர செ.மீ. ஆகவே ஒரு செ.மீ. உயர நீர் 275 மில்லி. உண்மைத் தொட்டியில் அது 2,200 லிட்டர். நீர் எடுக்கும் குழாயை அடியிலிருந்து 0.5 செ.மீ. உயரத்தில் பொருத்துங்கள், அதற்குக் கீழே உள்ளது வண்டல் தங்கும் இடம், அது கொள்ளளவில் சேராது. அங்கிருந்து 10 செ.மீ. மேலே, அதாவது அடியிலிருந்து 10.5 செ.மீ. உயரத்தில், வழிவுத் துளை அமைகிறது. இன்னும் ஒரு செ.மீ. மேலே இரண்டாவது துளையும் இட்டு அடைத்து வையுங்கள். அதன் பயன் சற்றுப் பின்னால் வரும். முன்பக்கத் தகட்டில் மில்லி அளவு ஒரு புறமும் உண்மை லிட்டர் அளவு மறுபுறமும் எழுதுங்கள். நீர் எடுக்கும் மட்டத்திலிருந்து 1.3 செ.மீ. உயரத்தில் ஒரு சிவப்புக் கோடு இழுத்தால், அது குடிநீருக்கு மட்டுமான 2,900 லிட்டர் தொட்டியைக் காட்டும்.

மூட்டுகளை அக்ரிலிக் கரைப்பானால் ஒட்டி, உள்மூலைகளில் சிலிகான் பூசி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்ட பிறகே நீர் ஊற்ற வேண்டும். பிறகு குவளையால் 275 மில்லி வீதம் ஊற்றி, கோடுகள் பொருந்துகின்றனவா என்று சரிபாருங்கள். சிலிகான் மூலைகளில் அதிகம் அப்பியிருந்தால் கொள்ளளவு குறைந்திருக்கும். கோடுகளை அப்போது திருத்திக்கொள்ளலாம்.

கூரையில் இரண்டு இடங்களில் அளவை வேண்டுமென்றே மீற வேண்டும். மொட்டைமாடியின் சரிவு வழக்கமாக நூற்றுக்கு ஒன்று அளவில் இருக்கும். அதே சரிவை மாதிரியில் கொடுத்தால் நீர் ஓடாமல் முத்து முத்தாக நிற்கும், ஏனென்றால் பரப்பு இழுவிசை மாதிரியோடு சேர்ந்து சுருங்குவதில்லை. இருபதுக்கு ஒன்று என்று சரிவைக் கூட்டுங்கள். அதேபோல் 110 மி.மீ. இறக்குக் குழாய் 1:20 அளவில் 5.5 மி.மீ. ஆகும், அத்தனை மெல்லிய குழாயில் காற்று அடைத்துக்கொண்டு நீர் கூரையிலேயே தேங்கும். 12 மி.மீ. குழாயே போதுமான சிறியது. இவ்விரண்டையும் ‘அளவுக்கு உட்படாதவை’ என்று மாதிரியின் ஓரத்தில் சிறு அட்டையில் எழுதி ஒட்டுங்கள்.

ஓராண்டை மேசையில் ஓட்டுதல்

முதலில் நீர் எடுக்கும் குழாயின் மட்டம் வரை தொட்டியில் நீர் ஊற்றிக்கொள்ளுங்கள். அட்டவணையில் உள்ள மில்லி அளவுகள் எல்லாம் அந்த மட்டத்துக்கு மேல் இருப்பவை. கெழுவை ஏற்கெனவே கழித்துவிட்டதால், மாத மழையைப் பத்தால் பெருக்கி வரும் மில்லி அளவைக் கூரையின் மீது மெதுவாக ஊற்றி, 750 மில்லியைக் குழாய் வழியே எடுக்க வேண்டும். ஊற்றத் தொடங்குமுன் கூரையை ஒரு முறை நனைத்துவிட்டால் தளத்தில் ஒட்டிக்கொள்ளும் நீர் கணக்கைக் கெடுக்காது.

இதில் ஊற்றும் முறையே விடையை மாற்றும். மாத மழை முழுவதையும் ஒரே மூச்சில் ஊற்றிவிட்டுப் பிறகு 750 மில்லி எடுத்துப் பாருங்கள். அக்டோபரில் 1,650 மில்லியோடு 1,700 சேரும்போது 600 மில்லி வழிந்துவிடும். எடுத்த பின் எஞ்சுவது 2,000 மட்டுமே. நவம்பரிலும் அதே கதை, மறுபடியும் 2,000-தான். அங்கிருந்து டிசம்பரில் 1,950, ஜனவரியில் 1,300, பிப்ரவரியில் 600 என்று இறங்கி, அட்டவணைப்படி ஜூன் வரை வர வேண்டிய நீர் மார்ச்சிலேயே தீர்ந்துவிடுகிறது. தொட்டி அதேதான், மழையும் அதேதான். வழிந்த பிறகு எடுப்பதா, எடுத்த பிறகு வழிவதா என்ற கணக்கு முறை மட்டுமே வேறு.

உண்மை வீட்டில் மழையும் பயன்பாடும் நாள்தோறும் கலந்தே நடப்பதால், மாத நீரைப் பத்துப் பங்காக்கி, ஒவ்வொரு பங்கையும் ஊற்றியவுடன் 75 மில்லி எடுங்கள். அப்போது நவம்பர் இறுதியில் இருப்பு 2,675 மில்லியாக இருக்கும். மே மாதத்தில் 25 மில்லியும் ஜூனில் 50 மில்லியும் பற்றாமல் போகும். இரண்டும் சேர்ந்து உண்மை அளவில் 600 லிட்டர், சரியாக மூன்று நாள் தேவை. ஆக, 22,000 லிட்டர் என்பது ஏட்டுக் கணக்கின் விளிம்பு. இப்போது கீழ்த் துளையை அடைத்து, மேல் துளையைத் திறந்து மறுபடியும் ஓட்டினால் கொள்ளளவு 24,200 லிட்டருக்குச் சமமாகி, ஆண்டு முழுவதும் தடையின்றிக் கடப்பதைக் காணலாம். பரிந்துரையில் 24,000 லிட்டர் என்று எழுதுவதற்கான நியாயம் இதுவே.

வடிகட்டி: சுருக்கக் கூடாத பகுதி

0.8 மி.மீ. மணலை 1:20 அளவில் சுருக்கினால் 0.04 மி.மீ. ஆகும். அது மணலன்று, வண்டல். நீர் கடத்தும் திறன் மணியளவின் இருமடியைப் பொறுத்திருப்பதால் 400 மடங்கு குறைந்து, நீர் மேலேயே தேங்கி நிற்கும். எனவே வடிகட்டியில் மணியளவையும் அடுக்கு ஆழத்தையும் உண்மை அளவிலேயே வைத்து, பரப்பை மட்டும் குறைக்கிறோம். உண்மை வடிகட்டியிலிருந்து ஒரு தூணைச் செங்குத்தாக வெட்டி எடுத்ததற்கு ஒப்பானது இது.

மணிக்கு 60 மி.மீ. வேகத்தில் பெய்யும் கனமழையில் நம் மாடியிலிருந்து மணிக்கு 4,800 லிட்டர் வரும். வடிகட்டித் தொட்டி ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்றால், நீர் மணிக்கு 4.8 மீட்டர் வேகத்தில் இறங்க வேண்டும். 10 செ.மீ. உள்விட்டமும் ஒரு மீட்டர் உயரமும் கொண்ட, ஒளி ஊடுருவும் குழாயில் இதே வேகத்தைப் பெற நிமிடத்துக்கு ஏறத்தாழ 630 மில்லி ஊற்ற வேண்டும். சொட்டுச் சொட்டாக ஊற்றித் தெளிந்த நீரைக் காட்டுவது சோதனையாகாது. இந்த வேகத்தில் ஊற்றினால்தான் வடிகட்டி எதைத் தாங்கும் என்பது தெரியும்.

கீழிருந்து மேலாக அடுக்குங்கள். அடியில் துளையிட்ட தட்டின் மீது 20 மி.மீ. ஜல்லி 10 செ.மீ.; அதன்மேல் 4.75 முதல் 10 மி.மீ. வரையான சில்லு ஜல்லி 5 செ.மீ.; அதன்மேல் 2.36 முதல் 4.75 மி.மீ. வரையான பொடி ஜல்லி 5 செ.மீ.; அதன்மேல் இரு நைலான் வலைகளுக்கு இடையே மரக்கரி 10 செ.மீ.; உச்சியில் 1.18 மி.மீ. சல்லடையில் இறங்கி 600 மைக்ரான் சல்லடையில் தங்கிய மணல் 30 செ.மீ. எஞ்சிய 40 செ.மீ. நீர் நிற்பதற்கான இடம்.

இந்த வரிசைக்கு ஒரு விதி உண்டு. கீழ் அடுக்கின் மெல்லிய மணிகளின் அளவு (எடையில் 15 விழுக்காடு எந்த அளவுக்குக் கீழே இருக்கிறதோ அது), மேல் அடுக்கின் பருமணிகளின் அளவைப் போல் (85 விழுக்காட்டுக்கு உரியது) நான்கைந்து மடங்குக்கு மிகக் கூடாது. மிகுந்தால் மேல் அடுக்கு கீழ் அடுக்கின் இடுக்குகள் வழியே ஒழுகிவிடும். நம் மணலின் பருமணி சுமார் 1.1 மி.மீ.; நேரடியாக 20 மி.மீ. ஜல்லியின் மேல் போட்டால் மணல் நிற்காது, பொடி ஜல்லியின் மேல் நிற்கும். கரி அடுக்கிலும் 3 முதல் 5 மி.மீ. துண்டுகளாக உடைத்துச் சலித்த கரியையே போடுங்கள். காய்ந்த கரி மிதக்கும் என்பதால் முதல் நாள் இரவே நீரில் ஊறவைக்க வேண்டும். அது நிறத்தையும் வாடையையும் ஓரளவு குறைக்கும், அவ்வளவே. கடையில் விற்கும் செறிவூட்டிய கரியின் வேலையை அடுப்புக்கரியிடம் எதிர்பார்க்கலாகாது.

ஆற்று மணலுக்குப் பதிலாக எம்-சாண்ட் எடுத்தால், கழுவும் நீர் தெளியும்வரை அலசுங்கள். கல் தூள் கலந்திருந்தால் வெளியே வரும் நீர் உள்ளே ஊற்றியதைவிடக் கலங்கலாக இருக்கும். நிரப்பி முடித்ததும் அடிக் குழாய் வழியே நீரைக் கீழிருந்து மேலாக ஏற்றி, இடுக்குகளில் உள்ள காற்றை வெளியேற்றுங்கள். இதைச் செய்யாத தூணில் மணலுக்குள் வெள்ளிக் குமிழ்கள் தெரியும். நீரோட்டம் பாதியாகக் குறையும். குழாயின் உட்சுவரை ஒட்டி நீர் குறுக்கு வழியில் இறங்குவதையும் தடுக்க வேண்டும்: மணல் பகுதியில் 10 செ.மீ.க்கு ஒன்றாக, உட்சுவரைச் சுற்றி மெல்லிய சிலிகான் வளையம் இட்டால் போதும். வளையம் இல்லாத தூணில் சுவரோரமாகச் சேற்றுக் கோடுகள் கீழ்வரை நீள்வதைக் காணலாம்.

வடிகட்டியைச் சோதித்தல்

மணல் அடுக்கின் மேலும் கீழும் துளையிட்டு, இரண்டு மெல்லிய கண்ணாடிக் குழாய்களைச் செங்குத்தாகப் பொருத்துங்கள். இரண்டிலும் உள்ள நீர்மட்ட வேறுபாடே மணலில் ஏற்படும் அழுத்த இழப்பு. ஹேசன் சூத்திரப்படி, 10 விழுக்காட்டு மணியளவு 0.66 மி.மீ. உள்ள மணலின் நீர் கடத்தும் திறன் நொடிக்கு சுமார் 4.4 மி.மீ.; நீர் இறங்கும் வேகம் நொடிக்கு 1.33 மி.மீ.; ஆகவே டார்சி விதிப்படி 30 செ.மீ. மணலில் ஏறத்தாழ 9 செ.மீ. இழப்பு வர வேண்டும். அளந்து பார்த்து 40 செ.மீ.யை நெருங்கினால், மணல் சரியாகச் சலிக்கப்படவில்லை அல்லது காற்று இருக்கிறது என்று பொருள்.

பிறகு 75 மைக்ரான் சல்லடையில் சலித்த களிமண் 5 கிராமை 10 லிட்டர் நீரில் கலக்கி, அதே வேகத்தில் ஊற்றுங்கள். முதலில் வெளிவருவது தூணில் ஏற்கெனவே இருந்த நீர் என்பதால் முதல் 5 லிட்டரை ஒதுக்கிவிட்டு, அடுத்து வருவதைக் கலங்கல்மானியில் அளக்க வேண்டும். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தில் கலங்கலுக்கு ஏற்கத்தக்க வரம்பு 1 அலகு. வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது 5 வரை அனுமதி உண்டு. மிக நுண்ணிய களிமண் துகள்கள் இந்த மணலில் முழுமையாக நிற்கா. 5-க்கு மேல் வந்தால் அதை அப்படியே பதிவு செய்யுங்கள், வேகத்தைக் குறைத்து மறுபடியும் அளந்து இரண்டையும் ஒப்பிடுங்கள். பாக்டீரியாவை இந்த வடிகட்டி நீக்காது என்பதால், தெளிந்த நீரையும் குளோரின் இட்டோ கொதிக்கவைத்தோதான் குடிக்க வேண்டும் என்ற குறிப்பு தூணின் மேலேயே இருக்கட்டும்.

கலங்கல் நீரைத் தொடர்ந்து ஊற்ற ஊற்ற, மணலின் மேற்புறம் நிறம் மாறி, சேறு பெரும்பாலும் மேலேயுள்ள சில செ.மீ.க்குள் தங்குவது கண்ணாடி வழியே தெரியும். மட்ட வேறுபாடும் ஏறிக்கொண்டே போகும். மணலுக்கு மேலே நிற்கும் நீர் குழாயின் விளிம்பை எட்டும் தறுவாயில் நிறுத்திவிட்டு, மேல் 2 செ.மீ. மணலைக் கரண்டியால் வழித்து எடுத்து, கழுவிய மணலை அந்த இடத்தில் நிரப்பி மறுபடியும் ஓட்டுங்கள். இழப்பு பழைய 9 செ.மீ.க்கு அருகே திரும்பினால், ஆண்டுப் பராமரிப்புக்கு அந்த 2 செ.மீ. மாற்றமே போதும், திரும்பாவிட்டால் சேறு ஆழத்துக்கு இறங்கிவிட்டது, மணல் முழுவதையும் எடுத்துக் கழுவ வேண்டும்.